மூலையில் நிற்கும் எண்: குறுக்கும் நெடுக்கும் கூட்டிப் பார்ப்பது எதை நிரூபிக்கிறது?

எளாவூருக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரிக்கரையை ஒட்டிய மீனவர் ஊர்களில் மகளிர் சுய உதவிக் குழு கூடும் நாளில் ஒரு வசூல் பட்டியல் எழுதப்படும். இடப்பக்கம் உறுப்பினர் வரிசை. மேலே சேமிப்பு, அசல், வட்டி, அபராதம் என்று தலைப்புகள். வலது ஓரத்தில் ஒவ்வொருவருக்குமான மொத்தம், அடியில் ஒவ்வொரு தலைப்புக்குமான மொத்தம். வலது ஓரமும் அடிவரியும் சந்திக்கும் மூலையில் மொத்தத்துக்கெல்லாம் மொத்தமாக ஓர் எண் நிற்கும். அந்த எண்ணுக்கு இரண்டு வழிகளில் வந்து சேரலாம். வலது ஓரத்தை மேலிருந்து கீழாகக் கூட்டலாம். அடிவரியை இடமிருந்து வலமாகவும் கூட்டலாம். இரண்டும் ஒன்றானால் 'டேலி ஆயிடுச்சு' என்று சொல்லித் தாளை மடித்துவிடுகிறார்கள். குக்கிராமத்துக் குழு முதல் அரசின் வரவுசெலவுத் திட்டம் வரை இதே பழக்கம்தான். ஆனால் டேலி ஆனதால் நமக்குத் தெரியவருவது என்ன? பணம் சரியாக வந்தது என்றா, எழுதியது சரி என்றா, கூட்டியது சரி என்றா? இவை மூன்றும் வேறு வேறு செய்திகள். குறுக்குக் கூட்டல் இவற்றில் எதை உறுதிசெய்கிறது என்பது, இரண்டு மொத்தங்களும் எங்கிருந்து வந்தன என்பதைப் பொறுத்தது. இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்திருந்தால், அவை ஒத்துப்போவதில் தகவல் ஏதும் இல்லை.

ஒரு பட்டியலின் மொத்தங்கள் எல்லாம் ஒரே ஆளுக்குச் சொந்தமானவை அல்ல. வலது ஓரத்து மொத்தம் உறுப்பினருடையது. அன்று கையை விட்டுப் போன பணம் அவ்வளவு என்று அவருக்குத் தெரியும், அவருடைய பாஸ்புக்கில் ஏற வேண்டியதும் அதுதான். அடிவரி மொத்தங்கள் பேரேடுகளுக்கு உரியவை. சேமிப்பின் மொத்தம் சேமிப்புப் பேரேட்டுக்கும், அசலின் மொத்தம் கடன் பேரேட்டுக்கும், வட்டியும் அபராதமும் குழுவின் வருமானத்துக்கும் போகும். மூலை எண் ரொக்கத்துக்குச் சொந்தம். அன்று பெட்டியில் இருக்க வேண்டிய தொகை, மறுநாள் வங்கிச் சலானில் எழுத வேண்டிய தொகை அது. ஆக, ஒரே பணத்தைப் பற்றி யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, எவ்வளவு கையில் இருக்கிறது என்று மூன்று தரப்பு சாட்சி சொல்கிறது. மூன்று சாட்சிகளும் ஒருவரை ஒருவர் கேட்காமல் ஒரே பதிலைச் சொன்னால்தான் அந்தப் பதிலுக்கு மதிப்பு.

இதை எண்களில் பார்ப்போம். ஆறு பேர் கொண்ட சிறு குழு என்று வைத்துக்கொண்டு அமைத்த பட்டியல் இது. மாதச் சேமிப்பு தலைக்கு 200 ரூபாய். கடனுக்கு இரண்டு வட்டி, அதாவது நிலுவையில் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். தாமதமாக வந்தவருக்கு 10 ரூபாய் அபராதம்.

| உறுப்பினர் | சேமிப்பு | அசல் | வட்டி | அபராதம் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| 1 | 200 | 500 | 60 | 0 | 760 |
| 2 | 200 | 1,000 | 120 | 0 | 1,320 |
| 3 | 200 | 450 | 54 | 10 | 714 |
| 4 | 200 | 0 | 0 | 0 | 200 |
| 5 | 200 | 750 | 90 | 10 | 1,050 |
| 6 | 200 | 600 | 72 | 0 | 872 |
| மொத்தம் | 1,200 | 3,300 | 396 | 20 | 4,916 |

இந்த நான்கு தலைப்புகளும் ஒரே தன்மை உடையவை அல்ல. சேமிப்பைக் கூட்டிப் பார்க்கவே வேண்டாம். ஆறு பேருக்கு 200 வீதம் 1,200 என்று பெருக்கிச் சொல்லிவிடலாம். வட்டியும் அப்படித்தான். கூட்டம் தொடங்கும்போது கடன் பேரேட்டில் மொத்த நிலுவை 19,800 ரூபாய் என்றால் அதில் நூற்றுக்கு இரண்டு 396. அபராதத்தை வருகைப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். அசலுக்கு மட்டும் இப்படி முன்கூட்டியே தெரிந்த விடை கிடையாது. ஏரியை நம்பிய குடும்பம் எல்லா மாதமும் ஒரே தவணை கட்டுவதில்லை. முகத்துவாரத்தில் மணல் மூடினால் கடல்நீர் உள்ளே வருவது குறையும், அதோடு இறாலும் நண்டும் குறையும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அதன் பாதிப்பு கரையில் மீன் வாங்கி விற்கும் பெண்களின் கூடையிலும் தெரியும். அந்த மாதங்களில் ஒருவர் வட்டி மட்டும் கட்டுவார், இன்னொருவர் பாதி அசல் கட்டுவார், நல்ல பாடு கிடைத்த மாதத்தில் இரட்டைத் தவணையும் கட்டுவார். அதனால் தவறு நுழைந்தால் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் இடம் அசல்தான். குறுக்குக் கூட்டலுக்கு உண்மையான வேலை இருப்பதும் அங்கேதான்.

மூன்றாம் உறுப்பினர் கட்டிய அசல் 450. எழுதுபவர் 540 என்று எழுதிவிட்டார் என்று கொள்வோம். உறுப்பினர் கையில் கொடுத்த 714 ரூபாயைப் பிரிப்பதற்கு முன்பே எண்ணி வலது ஓரத்தில் எழுதியாகிவிட்டது. இப்போது அடிவரியில் அசல் 3,390 ஆகும். அடிவரியை இடமிருந்து வலமாகக் கூட்டினால் 5,006. வலது ஓரமோ 4,916 என்றே சொல்லும். வித்தியாசம் 90. கணக்கர்கள் இந்த இடத்தில் முதலில் செய்வது வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்காகவே இருக்கும். 90ஐ ஒன்பதால் வகுத்தால் 10. பத்தாம் இடமும் நூறாம் இடமும் மாறியிருக்கின்றன, அந்த இரண்டு இலக்கங்களுக்கும் இடையே ஒன்றுதான் வித்தியாசம் என்று அது குறிப்புக் கொடுக்கிறது. 45, 54 போன்ற ஜோடியைத் தேடலாம். ஒரு சுழியம் விடுபட்டு 120 என்பது 12 ஆனாலும் வித்தியாசம் (108) ஒன்பதின் மடங்குதான். எந்தத் தொடர்பும் இல்லாத தவறும் தற்செயலாக ஒன்பதால் வகுபடலாம், அதற்கு ஒன்பதில் ஒரு வாய்ப்பு உண்டு. எனவே இது தேடத் தொடங்கும் இடத்தைக் காட்டும் குறிப்பே தவிரத் தீர்ப்பு அல்ல. வித்தியாசத்தின் பாதித் தொகை பட்டியலில் எங்காவது இருக்கிறதா என்று பார்ப்பதும் இதே வகைதான். கழிக்க வேண்டியதைக் கூட்டியிருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையின் இரண்டு மடங்காக வரும்.

தேடாமலேயே தவறான கட்டத்துக்குப் போகவும் வழி உண்டு. வரிவரியாகக் கூட்டிப் பார்த்தால் மூன்றாம் வரி 200, 540, 54, 10 சேர்ந்து 804 என்று வரும். ஓரத்தில் எழுதியிருப்பதோ 714. மற்ற ஐந்து வரிகளும் சரி. தலைப்பு வாரியாகப் பார்த்தால் சேமிப்பு, வட்டி, அபராதம் மூன்றும் வெளியிலிருந்து தெரிந்த தொகையோடு பொருந்தும். தவறு அசலில்தான் இருக்க முடியும். மூன்றாம் வரியும் அசல் பத்தியும் வெட்டிக்கொள்ளும் கட்டம் ஒன்றே ஒன்றுதான். பட்டியல் பெரிதாகப் பெரிதாக இந்த வசதியின் மதிப்பு கூடும். இருபது பேரும் நான்கு தலைப்பும் என்றால் எண்பது கட்டங்கள். வரியும் பத்தியும் தனித்தனியே கைகாட்டினால் எண்பதில் ஒன்றைப் பிடிக்க இருபத்து நான்கு சோதனைகள் போதும்.

இவ்வளவும் நடந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: 714 என்ற எண் கட்டங்களைக் கூட்டி வரவில்லை, எண்ணிய நோட்டுகளிலிருந்து வந்தது. எழுதுபவர் முதலில் நான்கு கட்டங்களையும் நிரப்பிவிட்டு அவற்றைக் கூட்டி ஓரத்தில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாம் வரியின் மொத்தம் 804 ஆகியிருக்கும். வலது ஓரம் 5,006, அடிவரியும் 5,006. அழகாக டேலி ஆகியிருக்கும். எந்த எண்களை எந்தக் கட்டங்களில் போட்டாலும், வரிகளின் கூட்டுத்தொகையும் பத்திகளின் கூட்டுத்தொகையும் ஒன்றாகத்தான் வரும். இரண்டும் அதே கட்டங்களை வேறு வரிசையில் கூட்டியவை, அவ்வளவுதான். கட்டங்களிலிருந்தே இரண்டு மொத்தங்களையும் எடுத்தால் குறுக்குக் கூட்டல் சோதிப்பது கூட்டியவரின் கணக்குத் திறமையை மட்டுமே. கையால் கூட்டும் இடத்தில் அதுவும் பயனுள்ள சோதனைதான். ஆனால் 'பணம் சரியாக இருக்கிறது' என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பல குழுக்களிலும் சிறு அலுவலகங்களிலும் இந்த இரண்டும் கலந்துவிடுவதே எனக்குப் பெரிய கவலையாகத் தெரிகிறது. டேலி ஆனதும் எல்லாம் சரி என்று அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் சோதிக்கப்பட்டது கூட்டல் மட்டும்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். இப்போது எல்லாம் கணினியில்தானே, கூட்டலில் தவறு வராதே, பிறகு எதற்குக் குறுக்கும் நெடுக்கும் என்று கேட்பார்கள். கணினி கூட்டலில் தவறுவதில்லை என்பது உண்மை. எதைக் கூட்ட வேண்டும் என்பதை அதற்குச் சொல்வது மனிதர். தவறு அங்கே நுழைகிறது. மேலே உள்ள பட்டியலை விரிதாளில் B முதல் E வரை நான்கு தலைப்பும், F மொத்தமும், 2 முதல் 7 வரை ஆறு உறுப்பினரும், 8ஆம் வரி மொத்தமுமாக இட்டால் சோதனை வாய்பாடு இப்படி இருக்கும்:

```
F2:  =B2+C2+D2+E2
B8:  =SUM(B2:B7)
F8:  =SUM(F2:F7)
G8:  =SUM(B8:E8)-F8
```

G8 சுழியமாக இருக்க வேண்டும். இப்போது நான்காம் உறுப்பினரின் சேமிப்பு 200 எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிந்துவிட்டது என்று கொள்வோம். வேறு எங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டும்போது அடிக்கடி நேர்வதுதான். பார்வைக்கு அது 200தான். எக்செலில் SUM ஒரு வரம்பைக் கூட்டும்போது எழுத்தாக இருப்பதைத் தாண்டிப் போய்விடும். கூட்டல் குறி போட்டுக் கூட்டினாலோ அதே எழுத்தை எண்ணாக மாற்றிக் கூட்டிக்கொள்ளும். ஆக வலது ஓரம் 4,916 என்றும் அடிவரி 4,716 என்றும் சொல்ல, G8 கழித்தல் 200 காட்டி ஆளைப் பிடித்துவிடும். வரியின் மொத்தத்துக்கும் SUM போட்டிருந்தால் இரண்டு வழியும் அந்த 200ஐத் தாண்டிப் போயிருக்கும். G8 சுழியம் காட்டியிருக்கும். 200 ரூபாய் காணாமல் போயிருக்கும். அழகுக்காக எல்லா இடத்திலும் ஒரே வாய்பாட்டை இழுத்துவிடுபவர் தன்னை அறியாமலே ஒரு சாட்சியைக் குறைத்துவிடுகிறார்.

வரம்புத் தவறு இன்னும் ஆபத்தானது. ஏழாவதாக ஒரு பெண் சேர்ந்து, அவருக்கு மொத்த வரிக்கு நேர் மேலே ஒரு வரி நுழைத்தால், பழைய வாய்பாடுகள் சில சமயம் புதிய வரியைச் சேர்த்துக்கொள்ளாமல் ஏழாம் வரியோடு நின்றுவிடும். பத்திகள் நான்கும் நின்று, வலது ஓரமும் அங்கேயே நின்றால் சோதனை சுழியம்தான் காட்டும். உலகப் புகழ் பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. பொருளியலாளர்கள் கார்மென் ரெய்ன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010இல் வெளியிட்ட கட்டுரையில், சராசரிக்கான எக்செல் வரம்பு ஐந்து வரிகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா முதல் டென்மார்க் வரை ஐந்து நாடுகள் கணக்கில் வரவே இல்லை. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஹெர்ன்டன் தன் ஆசிரியர்கள் மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரோடு 2013இல் அதை வெளிப்படுத்தினார். எத்தனை வரி இருக்கிறது, வாய்பாடு எத்தனை வரியை எடுத்தது என்ற எண்ணிக்கை ஒன்றே அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். குழுவுக்கும் அதே மருந்துதான்: பட்டியலில் பெயர்கள் எத்தனை, வருகைப் பதிவேட்டில் தலைகள் எத்தனை என்று ஒப்பிடுவது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைவிட நெருக்கமான வழக்கு ஒன்று இருக்கிறது. சொத்துக் குவிப்பு வழக்கில் 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதா உள்ளிட்ட நால்வருக்குத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் கர்நாடக உயர்நீதிமன்றம் 2015 மே 11 அன்று அனைவரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் பத்துக் கடன்களைப் பட்டியலிட்டு, அவற்றின் மொத்தம் 24,17,31,274 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது. அதே பத்துத் தொகைகளைக் கூட்டினால் வருவது 10,67,31,274 ரூபாய். பதின்மூன்றரைக் கோடி கூடுதல். அந்த மொத்தம் அங்கேயே நிற்கவில்லை, வருமானத்தோடு சேர்ந்தது. வருமானம் 34,76,65,654 என்றும் சொத்தும் செலவும் 37,59,02,466 என்றும் வைத்து, மிகை 2,82,36,812, அதாவது வருமானத்தில் 8.12 சதவீதம் என்று தீர்ப்பு கண்டது. பத்து சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற பழைய நியாயத்துக்குள் அது அடங்கியது. கூட்டலைத் திருத்தினால் வருமானம் 21,26,65,654 ஆகக் குறையும். மிகை 16,32,36,812 ஆகும். சதவீதம் 76ஐத் தாண்டிவிடும். அரசுத் தரப்பு இதை உடனே சுட்டிக்காட்டியது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்சநீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து விசாரணை நீதிமன்றத் தீர்ப்பை மீட்டபோது இந்தக் கூட்டல் பிழையையும் குறிப்பிட்டது. ஜெயலலிதா 2016 டிசம்பரில் இறந்துவிட்டதால் அவர் மீதான மேல்முறையீடு அற்றுப்போயிருந்தது.

அரசியலை ஒதுக்கிவிட்டு, கணக்குக்காரர் கண்ணோடு அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். அது ஒற்றைப் பத்திப் பட்டியல். மூலை எண்ணுக்கு வர ஒரே ஒரு வழிதான் இருந்தது, மேலிருந்து கீழாகக் கூட்டும் வழி. அந்த வழியில் தவறினால் மறுத்துச் சொல்ல எதிரே இன்னொரு மொத்தம் இல்லை. கடன் கொடுத்த வங்கி வாரியாகவோ கடன் வாங்கிய நிறுவனம் வாரியாகவோ அதே தொகைகளைப் பத்தி பிரித்துப் போட்டிருந்தால், அடிவரி ஒரு பதில் சொல்லும், ஓரம் ஒரு பதில் சொல்லும். பதின்மூன்றரைக் கோடி நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். ஒன்பதின் சோதனையையும் போட்டுப் பார்க்கலாம். 13,50,00,000ஐ ஒன்பதால் வகுத்தால் மிச்சமில்லாமல் 1,50,00,000 வருகிறது. ஒன்றரைக் கோடியைப் பதினைந்து கோடி என்று, ஒரு சுழியம் கூட்டிப் படித்தால் விழும் வித்தியாசமும் இதேதான். தவறு அப்படித்தான் நேர்ந்தது என்று இது நிரூபிக்கவில்லை. ஆனால் அனுபவமுள்ள கணக்கர் ஒருவர் அந்தப் பட்டியலைக் கையில் எடுத்திருந்தால், ஒன்றரைக் கோடி என்ற தொகை எந்த வரியில் இருக்கிறது என்றுதான் முதலில் தேடியிருப்பார்.

இந்த வழக்கை வைத்தே எதிர்வாதம் ஒன்றும் எழும். பத்து எண்களை மறுபடி ஒருமுறை கூட்டினாலே போதுமே, இதற்குப் பத்தி பிரிப்பானேன் என்பது அது. மறுபடி கூட்டுவது நல்லதுதான். ஆனால் ஒரே ஆள் ஒரே தாளை ஒரே திசையில் இரண்டாம் முறை கூட்டும்போது முதல் முறை தவறாகப் படித்ததை அப்படியே படிக்கிறார். விடையும் மனத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கீழிருந்து மேலாகக் கூட்டச் சொல்லி அந்தக் காலக் கணக்குப்பிள்ளைகள் பழக்கியது இதை உடைக்கத்தான். பத்தி பிரித்துக் கூட்டும்போது இடைத்தொகைகள் எல்லாமே மாறிவிடுவதால் பழைய விடை வந்து கையைப் பிடித்து இழுக்க இடமில்லை. அதுதான் கூடுதல் லாபம்.

இனி, குறுக்குக் கூட்டல் எதைப் பிடிக்காது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாம் உறுப்பினர் அசலாகக் கட்டிய 1,000 தவறிப்போய்ச் சேமிப்பில் ஏறிவிட்டால் அவருடைய மொத்தம் மாறாது, மூலை எண் மாறாது, பெட்டியில் உள்ள பணமும் மாறாது. ஆனால் அவருடைய கடன் குறையவில்லை. அடுத்த மாதம் 5,000க்குக் கட்ட வேண்டிய வட்டியை 6,000க்குக் கட்டுவார், மாதம் 20 ரூபாய் வீண். இதைக் காட்டிக்கொடுப்பது தலைப்பின் வெளிச் சான்றுதான்: சேமிப்பு 1,200 வர வேண்டிய இடத்தில் 2,200 வந்து நிற்கும். இன்னும் நுட்பமான தவறு நான்கு மூலைத் தவறு. முதல் உறுப்பினரின் அசலில் 10 கூட்டி வட்டியில் 10 குறைத்து, ஆறாம் உறுப்பினரின் அசலில் 10 குறைத்து வட்டியில் 10 கூட்டினால், எந்த வரியின் மொத்தமும் மாறாது, எந்தத் தலைப்பின் மொத்தமும் மாறாது, வட்டி 396 அப்படியே இருக்கும். ஓரத்தையும் அடியையும் எவ்வளவு துருவினாலும் அது தெரியாது. ஒவ்வொருவரின் நிலுவைக்கும் தனித்தனியாக வட்டி போட்டுப் பார்த்தால் மட்டும் தெரியும். தற்செயலாக இப்படி நான்கு கட்டங்களும் ஒன்றை ஒன்று ஈடுகட்டுவது அரிது. அதனால் இப்படி ஒன்று தென்பட்டால் அதைக் கவனக்குறைவு என்று எடுத்த எடுப்பில் விட்டுவிடக் கூடாது. ஒருவர் பெயரையே முழுதாக விட்டுவிட்டாலும் பட்டியல் தனக்குள் சரியாகத்தான் இருக்கும். அங்கே பேசக்கூடியவை ரொக்கமும் வருகைப் பதிவேடும் மட்டும்.

பெரிய பட்டியல்களில் கேட்கும் இன்னொரு சமாதானம் முழுமையாக்கல். கோடியிலோ லட்சத்திலோ தொகைகளைச் சுருக்கி அச்சிடும்போது மொத்தம் ஒன்றிரண்டு பிசகும் என்பார்கள். அது உண்மை. மூன்று இனங்கள் தலா 1.4 கோடி என்றால் தனித்தனியே 1, 1, 1 என்று அச்சாகும், மொத்தம் 4.2, அது 4 என்று அச்சாகும். ஆனால் இந்தச் சமாதானத்துக்கும் எல்லை உண்டு. ஒவ்வொரு எண்ணும் அதிகபட்சம் அரை அலகுதான் பிசக முடியும். பத்து இனங்களும் ஒரு மொத்தமும் உள்ள பட்டியலில் ஐந்தரை அலகுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அது முழுமையாக்கலால் வந்ததே அல்ல. பத்தும் ஒரே பக்கம் பிசகுவது அபூர்வம் என்பதால், இரண்டு மூன்று அலகு வந்தாலே மூலக் கணக்கைத் திறந்து பார்ப்பது நியாயம். மாறாக, பட்டியல் பொருந்தி வர வேண்டும் என்பதற்காக ஓர் இனத்தில் ஒன்றைக் கூட்டி அச்சிடுவது தவறு. முழு ரூபாயில் டேலி பார்த்து முடித்த பிறகு சுருக்கி, பிசகு இருந்தால் அடிக்குறிப்பில் சொல்லிவிடுவதே முறை.

இதை எல்லாம் ஒரு சிறு குழுவிடம் எதிர்பார்க்கலாமா, ஐயாயிரம் ரூபாய் வசூலுக்கு இவ்வளவு சடங்கா என்று கேட்கலாம். தொகை சிறிதாகத் தெரிவது வெளியிலிருந்து பார்ப்பவருக்குத்தான். 90 ரூபாய் கூடுதலாக அசலில் ஏறினால் அதைக் குழு ஏற்க வேண்டும். குறைவாக ஏறினால் கட்டியவர் ஏற்க வேண்டும். 'நான் கட்டினேன்', 'இல்லை, நீ கட்டலை' என்று ஒருமுறை பேச்சு வந்துவிட்டால் குழு உடைவதற்கு அதுவே போதும். தமிழகக் கடலோர மாவட்டங்களில் மீனவப் பெண்களுக்கான சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் உறுப்பினர் பங்காகச் செலுத்த வேண்டியது 1,500 ரூபாய். அரசுப் பங்கு 3,000 சேர்ந்து 4,500 திரும்பக் கிடைக்கும். அங்கே ஒருவரின் வரி 1,500க்குக் குறைவாக நின்றால் அது அவருடைய பங்கோடு முடிகிற விஷயம் அல்ல. வேலையோ அதிகம் இல்லை. இருபது பேர் பட்டியலில் இருபது வரிக் கூட்டலும் நான்கு பத்திக் கூட்டலும் ஒரு குறுக்குக் கூட்டலும் மட்டுமே.

வரிசை மட்டும் மாறக் கூடாது. உறுப்பினர் தரும் பணத்தைப் பிரிக்கும் முன்பே அவர் கண்ணெதிரே எண்ணி, ஓரத்தில் முதலில் எழுதுவது. அதன் பிறகு சேமிப்பு, அசல், வட்டி என்று கட்டங்களை நிரப்புவது. வரியைக் கூட்டிச் சொல்லி அவர் பாஸ்புக்கில் அதையே போடுவது. எல்லாரும் கட்டி முடித்ததும் ஊக்குநர் அடிவரியைக் கூட்ட, பட்டியலைப் பார்க்காத இன்னொருவர் நோட்டு வாரியாக ரொக்கத்தை எண்ணித் தனித் தாளில் எழுதி மடித்து வைப்பது. அடிவரி, ஓரம், ரொக்கம் மூன்றும் அதன் பிறகே பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும். ரொக்கம் எண்ணுபவரிடம் '4,916 இருக்கணும், பாரு' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர் 4,916 வரும் வரைதான் எண்ணுவார். வித்தியாசம் வந்தால் அபராதத்திலோ இதர வரவிலோ போட்டு நிரவாமல், எத்தனை ரூபாய், எந்தப் பக்கம் என்று பட்டியலின் அடியிலேயே எழுதி, கூட்டம் கலையும் முன் வரிவரியாகப் பார்க்க வேண்டும். கட்டியவர்கள் எல்லாரும் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரத்தில் மூன்றாம் உறுப்பினரைக் கேட்டால் 450தான் கட்டினேன் என்று உடனே சொல்லிவிடுவார். அடுத்த மாதம் கேட்டால் அவரும் பாஸ்புக்கைத்தான் புரட்ட வேண்டியிருக்கும்.